ரிசெப்ஷனுக்கு ஆள் எடுக்கிற சோதனையில எல்லாரும் ஒரே மார்க்ஸ் எடுத்தா, பிழை எங்க?

கேள்வி:
வணக்கம் அக்கா. நிலாவெளியில 18 ரூம் இருக்கிற ஒரு ஹோட்டல் நடத்துறன். போன சீசனுக்கு முதல் ரிசெப்ஷனுக்கு ஆள் எடுக்க, ஒரு நிலைமையைச் சொல்லி நாலு பதில் குடுத்து 'இதில எது சிறந்தது, எது மோசமானது' எண்டு கேக்கிற மாதிரி 10 கேள்வி நானே எழுதி, விடையும் நானே போட்டு வச்சன். 15 பேர் எழுதினாங்க, கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே மார்க்ஸ். கூட மார்க்ஸ் எடுத்த பொடியனைத்தான் எடுத்தன், சீசன் முழுக்க கெஸ்ட்டோட பிரச்சினைப்பட்டதும் அவன்தான். இந்த முறையும் சோதனை வைக்கலாமா, இல்லாட்டி இன்டர்வியூ மட்டும் போதுமா? நீங்க பாக்கிறதுக்கு ரெண்டு கேள்வியை இதோட அனுப்பியிருக்கிறன்.

பதில்:
தம்பி, சோதனை வைக்கலாம். ஆனா அந்தப் பேப்பரைத் திரும்ப வைக்க வேண்டாம், அதில ஒண்டு ரெண்டு கேள்வியை மாத்தி வச்சும் பிரயோசனம் இல்ல, ஏனெண்டா பிழை கேள்வியை எழுதின விதத்திலயும் விடையைப் போட்ட விதத்திலயும் இருக்கு.

நீங்க அனுப்பின ஏசி கேள்வியை எடுப்பம். கெஸ்ட் வந்து ரூம்ல ஏசி வேலை செய்யுதில்ல எண்டு சத்தம் போடுறார். உங்கட நாலு பதில்: மன்னிப்புக் கேட்டு உடனே ஆளை அனுப்புறது, மனேஜருக்குச் சொல்லுறது, பிறகு பாப்பம் எண்டு சொல்லுறது, கெஸ்ட்டுக்குத் திருப்பி ஏசுறது. வேலை கேட்டு வந்திருக்கிற ஆள் ஒருத்தர், அவர் எவ்வளவு மோசமான ஆளா இருந்தாலும், 'திருப்பி ஏசுறது'க்கு பக்கத்தில மோசம் எண்டுதான் குறி போடுவார். அப்ப மோசமான பதிலுக்குரிய 10 மார்க்ஸும் 15 பேருக்கும் அப்பிடியே கிடைச்சிருக்கும். சிறந்த பதிலும் பாத்த உடனே தெரியுது, அதிலயும் ஆளுக்கு எட்டு ஒன்பது விழுந்திருக்கும். ஆக உங்கட 15 பேரும் 17க்கும் 20க்கும் இடையில நிண்டிருப்பாங்க, அதில 20 எடுத்தவனுக்கும் 18 எடுத்தவனுக்கும் உண்மையில ஒரு வித்தியாசமும் இல்ல. அந்தப் பொடியனை சோதனை தெரிஞ்செடுக்கவே இல்ல, கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கின மாதிரித்தான் நடந்திருக்கு.

இந்த வகைச் சோதனையில மோசமான பதில்தான் எழுதுறதுக்குக் கஷ்டம். நல்ல மனசோட, அவசரத்தில, களைப்பில ஒரு சாதாரண ஆள் செய்யக்கூடிய பிழையா அது இருக்கோணும். வாசிக்கேக்க 'இது பரவாயில்லையே' எண்டு தோணோணும், வேலை தெரிஞ்சவருக்கு மட்டும் 'ஐயோ இதைச் செஞ்சா நாளைக்குக் காலமை என்ன நடக்கும்' எண்டு விளங்கோணும். அப்பிடி ஒரு பதிலை மேசையில இருந்து யோசிச்சு எழுத ஏலாது, நடந்த சம்பவத்தில இருந்துதான் எடுக்கோணும். ஜோன் ஃபிளனகன் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1954ல எழுதி வச்ச முறை இதுதான், அவர் அதுக்கு முன்னம் ரெண்டாம் உலக யுத்த காலத்தில விமானிகளைத் தெரிவு செய்யிற வேலையில இருந்தவர். 'நல்ல விமானிக்கு என்ன குணம் வேணும்' எண்டு கேட்டா எல்லாரும் துணிவு, பொறுப்பு எண்டு பொதுவாத்தான் சொல்லுவாங்க, அதால நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லி, அப்ப நிலைமை என்ன, அவர் என்ன செஞ்சார், அதால என்ன ஆச்சு எண்டு மூண்டையும் கேட்டு எடுக்கிற முறை. நீங்களும் இப்ப ஆஃப் சீசன்ல, மழைக்காலத்தில ஹோட்டல் அமைதியா இருக்கேக்க, பழைய ஸ்டாஃபைக் கூப்பிட்டு இதே மூண்டு கேள்வியைக் கேளுங்க. ரிசெப்ஷன்ல இருக்கிற லொக் புத்தகத்தையும் புரட்டுங்க, நைட் ஷிஃப்ட்காரர் எழுதி வச்ச ரெண்டு வரியில ஒரு முழுக் கேள்வி ஒளிச்சிருக்கும்.

ஒரு சம்பவத்தை முழுசா கேள்வியாக்கிப் பாப்பம். எங்கட பக்கத்தில எந்த ஹோட்டல்லயும் நடக்கிற விஷயம்தான்.

'இரவு பத்தரை மணி. கொழும்பில இருந்து வேன்ல ஒரு குடும்பம் வந்து இறங்குது, கடல் பக்கம் ஏசி ரூம் புக் பண்ணி காசும் கட்டியிருக்கிறாங்க. அந்த ரூம்ல இருந்தவங்க இன்னொரு நாள் நிக்கக் கேட்டு, பகல் ஷிஃப்ட்ல இருந்தவர் பாக்காம ஓம் எண்டுட்டார். இப்ப காலியா இருக்கிறது தோட்டப் பக்கம் ஃபேன் ரூம் ஒண்டுதான். மனேஜர் ஃபோன் எடுக்கிறார் இல்ல.'

அ) எங்கட பக்கம் பிழை நடந்திட்டுது எண்டு உள்ளதைச் சொல்லி, இண்டைக்கு ஃபேன் ரூமைக் குடுத்து, நாளைக்கு எத்தனை மணிக்கு ரூம் மாத்தலாம் எண்டும் சொல்லி, லொக் புத்தகத்தில மனேஜருக்கு எழுதி வைக்கிறது.
ஆ) பக்கத்து ஹோட்டலுக்கு எடுத்து ஏசி ரூம் இருக்கா எண்டு கேட்டு, இருந்தா அங்க அனுப்பி வைக்கிறது.
இ) புக்கிங் சைட்டில ஏதோ பிழை நடந்திருக்கு எண்டு சொல்லி, மேல கதையை வளக்காம உடனே ஃபேன் ரூமைக் குடுத்து களைச்சு வந்தவங்களைப் படுக்க விடுறது.
ஈ) மனேஜர் கிடைக்கிற வரைக்கும் லொபியில இருக்கச் சொல்லி, தொடர்ந்து ஃபோன் எடுத்துப் பாக்கிறது.

இதில 'பொய் சொல்லுறது' எண்ட சொல் எங்கயும் இல்ல எண்டதைக் கவனியுங்க. இ பதிலை வாசிக்க இரக்கமா இருக்கு, பிள்ளையளோட வந்த குடும்பம், படுக்க விட்டா நல்லம்தானே எண்டு தோணும். ஆனா அடுத்த நாள் காலமை அந்த ஐயா புக்கிங் சைட்டுக்கு ஃபோன் எடுப்பார், அவங்க எங்கட சிஸ்டத்தில ஒரு பிழையும் இல்ல எண்டு சொல்லுவாங்க, அதுக்குப் பிறகு ரூம் மாத்திக் குடுத்தாலும் அவர் எழுதப்போற ரிவ்யூ வேற மாதிரி இருக்கும். இது வேலை செஞ்சவருக்குத்தான் தெரியும்.

இனி விடைக்கு வருவம், நீங்க தனிய இருந்து விடை போட்டதுதான் ரெண்டாவது பிழை. முதலாளியா இருந்து பாத்தா உங்களுக்கு ஆதான் மோசம் எண்டு தோணும், எங்கட கெஸ்ட்டை அடுத்தவன்ட ஹோட்டலுக்கு அனுப்புறதா எண்டு. உங்கட இடத்தில இருந்து பாத்தா அது நியாயம்தான், ஆனா வேலைக்கு வாற புதுப் பொடியனுக்கு உங்கட அந்த விதி எப்பிடித் தெரியும்? உங்கட ஹோட்டல்ல மட்டும் இருக்கிற விதியைத் தெரியாததுக்காக ஒருத்தருக்கு மார்க்ஸ் குறைக்கிறது சரியில்ல. விதி அவசியம் எண்டா கேள்விக்குள்ளயே ஒரு வரியா எழுதுங்க, இல்லாட்டி அந்தப் பதிலையே மாத்துங்க.

விடையைத் தீர்மானிக்க வேண்டியது அந்த வேலையை நல்லாச் செஞ்ச ஆக்கள். ஒரு எட்டுப் பேர் வேணும். 18 ரூம் ஹோட்டல்ல எட்டு அனுபவசாலி ரிசெப்ஷனிஸ்ட் இருக்க மாட்டாங்க, தெரியும், உப்புவெளி நிலாவெளி ரோட்டில இருக்கிற மற்ற ஹோட்டல்காரரோட கதைச்சு அவங்கட பழைய ஸ்டாஃபைக் கேளுங்க, நைட் ஷிஃப்ட் பாத்தவங்க ரெண்டு பேராவது இருக்கோணும். நீங்களும் இருக்கலாம், ஆனா உங்களுக்கும் ஒரு வோட்டுத்தான். முக்கியமா ஆளாளுக்குத் தனித்தனியாக் குறி போடோணும், ஒருத்தரோட ஒருத்தர் கதைக்காம. ஒண்டா இருத்திக் கேட்டா மூத்தவர் வாய் திறந்த உடனே மற்ற ஏழு பேரும் ஓம் எண்டுடுவாங்க, எங்கட ஆக்கள் மரியாதைக்காக ஓம் எண்டு சொல்லுறவங்கதானே.

மேல இருக்கிற கேள்விக்கு எட்டுப் பேரிட்ட இருந்து இப்பிடி வருது எண்டு வைப்பம்: சிறந்தது அ எண்டு 7 பேர், ஆ எண்டு ஒருத்தர். மோசமானது இ எண்டு 4 பேர், ஈ எண்டு 3 பேர், ஆ எண்டு ஒருத்தர். நான் வச்சிருக்கிற கோடு எட்டில ஆறு. சிறந்த பதில் அந்தக் கோட்டைத் தாண்டிட்டுது, மோசமானது தாண்டேல்ல. இந்த இடத்தில 4 பேர் கூடத்தானே, இ எண்டே போடுவம் எண்டு விடக்கூடாது. அனுபவம் உள்ளவங்களே பாதிப் பாதியாப் பிரிஞ்சு நிக்கேக்க, சோதனை எழுதுற பிள்ளை ஈ எண்டு போட்டா அதைப் பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறது? இப்பதான் அவங்களை ஒண்டா இருத்திக் கதைக்க விடோணும். ஈ எண்டு போட்ட மூண்டு பேரும் சொல்லப்போறது, பத்தரை மணிக்குப் பிள்ளையளோட வந்த குடும்பத்தை எவ்வளவு நேரம் எண்டு தெரியாம லொபியில காய விடுறதா எண்டுதான். அது சரியான கதை, ஈ பதில் தேவைக்கு மேல மோசமா எழுதப்பட்டிருக்கு. அதை இப்பிடி மாத்தலாம்: 'தேத்தண்ணி குடுத்து இருத்தி, பத்து நிமிஷத்துக்குள்ள மனேஜருக்கு ரெண்டு தரம் எடுத்துப் பாத்துட்டு, கிடைக்காட்டி ஃபேன் ரூமைக் குடுக்கிறது.' இப்ப இது நடுத்தரப் பதில், கெட்டதில்ல, ஆனா பிழை எங்க எண்டு கெஸ்ட்டுக்குச் சொல்லவும் இல்ல, நாளைக்கு என்ன எண்டும் சொல்லவும் இல்ல. ஒரு கிழமை விட்டு அதே ஆக்களுக்குத் திரும்பக் குடுங்க. இ எண்டு ஆறு பேர் வந்தா கேள்வி பாஸ், வராட்டி தூக்கிப் போடுங்க, மனம் வருந்த வேண்டாம். கடைசியில 10 கேள்வி வேணுமெண்டா 20 கேள்வி எழுதித்தான் தொடங்கோணும், பாதி இப்பிடியே போயிடும்.

எழுதேக்க இன்னும் ஒண்டைப் பாருங்க. ஒரு பதிலுக்குள்ள ரெண்டு வேலையைப் போட்டா, ஒண்டு நல்லதும் ஒண்டு கூடாததும் எண்டு வந்திடும். உங்கட ரெண்டாவது கேள்வி, புறாமலைக்கு போட் புக் பண்ணின கெஸ்ட்டுக்கு கடல் கொந்தளிப்பு எண்டு காலமை ஆறு மணிக்குப் போட்காரர் சொல்லுற கேள்வி, நல்ல கேள்வி, எனக்குப் பிடிச்சது. ஆனா 'உடனே கெஸ்ட்டை எழுப்பிச் சொல்லி, காசை முழுசாத் திருப்பிக் குடுக்கிறது' எண்டு எழுதியிருக்கிறீங்க. எழுப்பிச் சொல்லுறது சரி, காசைத் திருப்பிக் குடுக்க ரிசெப்ஷன்ல நிக்கிறவருக்கு அதிகாரம் இருக்கா? ஒருத்தர் முதல் பாதியைப் பாத்து சிறந்தது எண்டுவார், மற்றவர் ரெண்டாம் பாதியைப் பாத்து மோசம் எண்டுவார். அதோட உங்கட ரெண்டு கேள்வியிலயும் சிறந்த பதில்தான் ஆக நீளமான பதில், இதைக் கெட்டிக்காரப் பிள்ளையள் மூண்டாம் கேள்வியிலயே பிடிச்சிடுவாங்க. நான் மேல எழுதின அ பதிலும் நீளம்தான், பேப்பர்ல போடேக்க மற்ற மூண்டையும் அந்த அளவுக்குக் கொண்டு வரோணும்.

மார்க்ஸ் போடுற முறை லேசு. சிறந்ததைச் சரியாக் காட்டினா +1. மோசமானதைச் சரியாக் காட்டினா +1. மோசமானதைப் போய் சிறந்தது எண்டு காட்டினா −1, சிறந்ததை மோசம் எண்டு காட்டினா −1. நடுவில இருக்கிற ரெண்டு பதிலுக்கும் 0. ஆக ஒரு கேள்விக்கு −2ல இருந்து +2 வரைக்கும் வரலாம், 10 கேள்விக்கு −20ல இருந்து +20. நீங்க மைனஸ் போடாம விட்டிருந்தீங்க எண்டு நினைக்கிறன், மைனஸ் கட்டாயம் வேணும். நாலு பதில்ல ஒண்டைச் சிறந்தது, இன்னொண்டை மோசம் எண்டு எடுக்க 12 வழி இருக்கு. அதில ஒண்டுக்கு +2, நாலுக்கு +1, ரெண்டுக்கு 0, நாலுக்கு −1, ஒண்டுக்கு −2. கூட்டிப் பாத்தா 0. அதாவது கண்ணை மூடிக் குறி போடுறவருக்குச் சராசரியா ஒண்டும் கிடைக்காது, மைனஸ் இல்லாட்டி அவருக்கும் சும்மா மார்க்ஸ் சேந்துகொண்டே போகும்.

இப்ப ரூம் கேள்விக்கு மூண்டு பேரைப் பாருங்க, திருத்தின விடை சிறந்தது அ, மோசம் இ. முதலாமவர் சிறந்தது அ, மோசம் ஆ எண்டு போடுறார், +1. ரெண்டாமவர் சிறந்தது ஈ, மோசம் இ எண்டு போடுறார், அவருக்கும் +1. மூண்டாமவர் சிறந்தது இ, மோசம் ஈ, அவருக்கு −1. முதல் ரெண்டு பேருக்கும் ஒரே மார்க்ஸ், ஆனா ஆக்கள் வேற வேற. முதலாமவருக்கு நல்ல வழி தெரியுது, ஆனா கெஸ்ட்டுக்குப் பூசி மெழுகிச் சொன்னா அதால வாற கேடு தெரியேல்ல. ரெண்டாமவர் கொஞ்சம் தயங்குற ஆள், ஆனா எதைச் செய்யக்கூடாது எண்டு தெரிஞ்சவர், அவரை ரெண்டு கிழமை பழக்கினா வேலை பிடிச்சிடுவார். அதால கூட்டுத்தொகையை மட்டும் பாக்காம, சிறந்ததுக்கு எவ்வளவு, மோசத்துக்கு எவ்வளவு எண்டு ரெண்டு நிரலா எழுதி வையுங்க. ரிசெப்ஷன் மாதிரி ஒரு பிழையால பேர் கெட்டுப் போற வேலைக்கு நான் மோச நிரலைத்தான் முதல் பாப்பன்.

இதெல்லாம் சரியாச் செஞ்சாலும் அந்தப் பொடியன் திரும்ப வந்து கூட மார்க்ஸ் எடுக்க இடமிருக்கு, இதையும் விளங்கிக்கொள்ளோணும். 'எது சிறந்தது' எண்டு கேக்கேக்க நாங்க அளக்கிறது அவருக்கு என்ன தெரியும் எண்டதை, என்ன செய்வார் எண்டதை இல்ல. 'நீங்க என்ன செய்வீங்க' எண்டு கேட்டா செய்யிறதைச் சொல்லுவாங்களோ எண்டா, வேலை வேணும் எண்டு வந்தவர் அதுக்கும் நல்லதைத்தான் சொல்லுவார், அப்பிடிக் கேட்டா நடிக்கிறது இன்னும் லேசு. மைக்கல் மக்டானியல் எண்ட உளவியல் ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 2007ல பழைய ஆய்வுகளை எல்லாம் சேத்துப் பாத்ததில, ரெண்டு விதமாக் கேட்டாலும் சோதனை மார்க்ஸுக்கும் பிறகு வேலை செய்யிற தரத்துக்கும் உள்ள தொடர்பு கிட்டத்தட்ட ஒரே அளவுதான், 0.26 அளவில. 1 எண்டா முழுப் பொருத்தம், 0 எண்டா சம்பந்தமே இல்ல. அப்ப இது ஒண்டுமில்லாததை விட நல்லம், தனிய இதை மட்டும் நம்பி ஆள் எடுக்கப் போதாது.

அதால இந்தச் சோதனையை ஆக மேல நிக்கிறவரைத் தெரிஞ்செடுக்கப் பாவிக்க வேண்டாம், ஆகக் கீழ நிக்கிறவங்களைக் கழிக்கப் பாவியுங்க. 15 பேர் வந்தா கீழ இருக்கிற அஞ்சு பேரை விட்டுட்டு மிச்சப் பத்துப் பேரையும் இன்டர்வியூவுக்கு எடுங்க, அந்தப் பத்துப் பேருக்குள்ள ஒண்டு ரெண்டு மார்க்ஸ் வித்தியாசத்தைப் பாக்காதீங்க. இன்டர்வியூவில 'உங்களைப் பத்திச் சொல்லுங்க' எண்டு கேட்டு நேரத்தை வீணாக்காம, அதே ரூம் கேள்வியை நடிச்சுப் பாக்க விடுங்க: ஹோட்டல்ல வேலை செய்யிற ஒருத்தர் கோவத்தில வந்த கெஸ்ட்டா நிக்கட்டும், வேலை கேட்டு வந்தவர் கவுண்டருக்குப் பின்னால நிண்டு கதைக்கட்டும், மூண்டு நிமிஷம் போதும். பேப்பர்ல அ எண்டு போட்டவர் வாயைத் திறந்த உடனே 'அது சைட்டில பிழை சேர்' எண்டு சொன்னாரெண்டா அங்கயே தெரிஞ்சிடும். தெரிஞ்சதுக்கும் செய்யிறதுக்கும் இடையில இருக்கிற இந்த இடைவெளியிலதான் போன முறை நீங்க மாட்டியிருக்கிறீங்க.

பாஷையை மறந்திடாதீங்க. திருகோணமலையில உங்களிட்டத் தமிழ்ப் பிள்ளையளும் சிங்களப் பிள்ளையளும் வருவாங்க, பேப்பர் ரெண்டு பாஷையிலயும் இருக்கோணும். மொழிபெயர்த்த பிறகு சிங்களம் தாய்மொழியா உள்ள அனுபவசாலி ரெண்டு மூண்டு பேரிட்ட, விடையைக் காட்டாம, சிங்களப் பேப்பரைக் குடுத்துப் பாருங்க, அவங்கட விடை உங்கட விடையோட ஒத்துப் போகாட்டி மொழிபெயர்ப்பிலதான் ஏதோ மாறிப்போயிருக்கும். நிலைமையை நாலஞ்சு வசனத்துக்கு மேல எழுதாதீங்க, நீண்டா வாசிப்புச் சோதனை ஆயிடும், கெஸ்ட்டோட நல்லாக் கதைக்கக்கூடிய ஆனா மெதுவா வாசிக்கிற பிள்ளை வீணாக் கழிஞ்சு போகும். ஒரே நாள்ல எல்லாரையும் எழுத வையுங்க, காலமை ஒரு குழு பின்னேரம் ஒரு குழு எண்டு வச்சா மத்தியானமே பேப்பர் வட்ஸ்அப்ல போயிடும்.

சோதனை முடிஞ்ச அண்டைக்கே ஒவ்வொரு கேள்வியா எடுத்து, எத்தனை பேர் எந்தப் பதிலைப் போட்டாங்க எண்டு எண்ணிப் பாருங்க. 15 பேர்ல 14 பேர் ஒரே மாதிரிப் போட்ட கேள்வியை அடுத்த வருஷம் மாத்துங்க, அது ஆளை ஆளில இருந்து பிரிக்கேல்ல. அதே மாதிரி மற்றக் கேள்வியில எல்லாம் நல்லாச் செஞ்சவங்க பிழைவிட்டு, மோசமாச் செஞ்சவங்க சரியாப் போட்ட கேள்வி ஏதும் இருந்தா விடையைத் திரும்பப் பாருங்க. 15 பேரை வச்சு இதில பெரிய முடிவு எடுக்க ஏலாது, ஆனா எந்தக் கேள்வியைத் திரும்ப வாசிக்கோணும் எண்டு காட்டித் தரும்.

கடைசியா, எடுத்த ஆக்களின்ட சோதனை மார்க்ஸை உங்கட சுப்பர்வைசருக்குக் காட்டாதீங்க. ஆகஸ்ட் கடைசியில, சீசன் முடியப் போகேக்க, அவரிட்ட ஒவ்வொருத்தரையும் பத்தி அஞ்சுக்கு எத்தனை எண்டு கேட்டு எழுதி வாங்குங்க, பிறகு சோதனைப் பேப்பரை எடுத்துப் பக்கத்தில வச்சுப் பாருங்க. முதலே மார்க்ஸ் தெரிஞ்சா அவர் அதை மனசில வச்சுத்தான் புள்ளி போடுவார், பிறகு சோதனை சரியா வேலை செஞ்சுதா எண்டு உங்களுக்குத் தெரிய வழியே இருக்காது. எட்டுப் பேரிட்ட விடை எடுத்து முடிஞ்சா அந்த எண்ணிக்கையை எனக்கு அனுப்புங்க, எந்தக் கேள்வியை வைக்கிறது எதைத் தூக்குறது எண்டு சேந்து பாப்பம்.